வர்த்தகப் பற்றாக்குறை 610 கோடி டொலர்னா நாடு அவ்ளோ காசை இழந்துருச்சுன்னு அர்த்தமா?

தலவாக்கலை_ஓட்டோ
ஸ்டாண்டுல ரெண்டு நாளா ஒரே வாக்குவாதம், அதான் இங்க கொண்டாந்து போடுறேன். மத்திய வங்கி கணக்குப்படி 2024ல நாம வெளிநாட்டுக்கு வித்த சாமான் சுமார் 1,277 கோடி டொலர், வாங்குன சாமான் சுமார் 1,884 கோடி. துண்டு விழுறது கிட்டத்தட்ட 610 கோடி. ஸ்டாண்டுல ஒரு அண்ணே சொல்றாரு, வருசா வருசம் நாடு இவ்ளோ காசை தொலைக்குது அதனாலதான் 22ல பெற்றோலுக்கு ராத்திரி பூரா லைன்ல கெடந்தோம்னு. சரின்னு தலையாட்டிட்டு வீட்டுக்கு வந்து பழைய கணக்கைப் பார்த்தா 2022ல துண்டு விழுந்தது 520 கோடிதானாம். கம்மியா இருந்த வருசம் பெற்றோல் இல்ல, கூடுன வருசம் கேட்ட அளவுக்கு அடிச்சாங்க. இது எப்படின்னு யாராச்சும் வெளங்குற மாதிரி சொல்லுங்க, நான் சாதாரண தரத்தோட நின்னவன்.

கந்தப்பளை_கிழங்கு
இதுல வெளங்க என்ன இருக்கு தம்பி. வெளிய போற காசு கூட, உள்ள வர்ற காசு கம்மி, மிச்சம் நட்டம். நாங்க கிழங்கு தோண்டுற நேரம் பார்த்து வெளிநாட்டுக் கிழங்கு எறங்குது, விதை காசும் மருந்து காசும் கூட தேறாம போயிருது. அந்த டொலர் எவனோ ஒரு வெளிநாட்டு விவசாயி கைக்கு போகுது. இறக்குமதிய நிப்பாட்டுனா பற்றாக்குறை தானா நிக்கும். இதுக்கு படிப்பு தேவையில்ல.

பதுளை_ராசா
எல்லாம் அரசாங்கம் பண்ற வேலை. 2019 கடைசியில வரிய கொறைச்சாங்க, செலவ கொறைக்கல, காசு அச்சடிச்சாங்க. அதான் இந்தப் பற்றாக்குறை. சம்பளம் கட்டவே கடன் வாங்குற நாடு எப்படி உருப்படும்.

எல்சி_பண்டாரவளை
ராசா சொல்றது பட்ஜெட்ல துண்டு விழுறது, அது அரசாங்கத்தோட ரூபா வரவு செலவு. ஓட்டோ தம்பி கேக்குறது வேற கணக்கு, கஸ்டம்ஸ் வழியா போற வர்ற சாமான் கணக்கு. ஒண்ணுக்கொண்ணு தொடுப்பு இருக்கு ஆனா ஒண்ணு இல்ல.

நான் கொழும்புல ஒரு பேங்க்ல இறக்குமதி எல்சி, அதாவது வாங்குற சாமானுக்கு காசு வரும்னு பேங்க் பொறுப்பு நின்னு குடுக்குற கடிதம், அத பாக்குற டிபார்ட்மெண்ட்ல ரொம்ப வருசம் இருந்துட்டு இப்ப ஊருல இருக்கேன், அதனால இத கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்.

அந்த 610 கோடில எண்ணுறது சாமான் மட்டும். தேயிலை பெட்டி, ஜட்டி சேர்ட்டு, கறுவா, இந்தப் பக்கம் டீசல், பருப்பு, கோதுமை, துணி, மருந்து. ஆனா நம்ம நாட்டுக்கு டொலர் வர்ற வழி சாமான் மட்டும் இல்லையே. எல்ல ஊருக்கு வந்து ரூம் எடுத்து நைன் ஆர்ச் பாலத்துக்கு முன்னுக்கு நின்னு படம் எடுக்குற வெள்ளக்காரன் செலவழிக்கிற காசு கஸ்டம்ஸ்ல பதியாது. கொழும்பு ஹார்பர்ல இந்தியாவுக்கு போற கண்டெய்னர ஏத்தி எறக்குற காசும் பதியாது. நம்ம மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கத்துல இருந்து சவூதி குவைத்துனு போயி வீட்டு வேலை செய்யிற பொம்பளைங்க அனுப்புற காசும் அதுல வராது. 2024ல வெளிநாட்டுல வேலை செய்றவங்க பேங்க் வழியா அனுப்புனது சுமார் 660 கோடி டொலர். சுற்றுலாவுல வந்தது சுமார் 317 கோடி. இத கூட்டிப் பாருங்க, சாமான்ல துண்டு விழுந்த 610ஐ தாண்டி போகுது. கடன் வாங்குறது, முதலீடு தவிர மத்த எல்லா வரவையும் எல்லா செலவையும் சேர்த்து போடுற நடைமுறைக் கணக்குனு ஒண்ணு இருக்கு, 2024ல அதுல நமக்கு சுமார் 120 கோடி டொலர் மிச்சம். துண்டு இல்ல, மிச்சம்.

இன்னொன்னு. சாமான் கணக்குல நாம கடைசியா மிச்சம் காட்டுனது 1977ல. அன்னையில இருந்து ஒரு வருசம் தவறாம துண்டுதான். அது அப்படியே நட்டம்னா இந்நேரம் நாட்டுல ஆணி கூட மிஞ்சியிருக்காது.

கிழங்கு அண்ணே, டொலர் போச்சுன்னு சொல்றீங்க, அதுக்கு பதிலா சாமான் வந்துச்சே. டீசல் வந்து உங்க லொறிக்கு அடிச்சு கிழங்க தம்புள்ளைக்கு கொண்டு போறீங்க. காசக் குடுத்து ஒண்ணு வாங்குறதும் காசு தொலையிறதும் ஒண்ணா?

தலவாக்கலை_ஓட்டோ
நன்றி அண்ணே. ஆனா கூட்டிப் பார்த்தேன், 660ம் 317ம் 977. அதுல 610 போனா 367 மிச்சம் வரணும். நீங்க 120னு சொல்றீங்க. மீதி எங்க போச்சு?

எல்சி_பண்டாரவளை
ஓட்டோ ஓட்டுறவங்கள ஏமாத்த முடியாதுனு சும்மாவா சொன்னாங்க :)

நீங்க கூட்டுனது வரவு பக்கத்துல பெருசா தெரியிற ரெண்டு மட்டும். ஹார்பர், கம்பியூட்டர் வேலைனு அங்க இன்னும் கொஞ்சம் இருக்கு. செலவு பக்கத்துலயும் சாமான் தவிர வேற இருக்கு. நம்ம சனம் பழனிக்கும் திருச்சிக்கும் போறது, புள்ளைங்கள வெளிநாட்டுல படிக்க வைக்கிறது, கப்பல் கூலி, இன்சூரன்ஸ். எல்லாத்தையும் விட பெருசு வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி, அப்புறம் இங்க இருக்குற வெளிநாட்டுக் கம்பெனிங்க தங்களோட லாபத்த ஊருக்கு அனுப்புறது. உண்மையிலேயே திரும்பி வராத காசுனு சொல்லணும்னா நான் முதல்ல வட்டியத்தான் காட்டுவேன், பருப்ப இல்ல. பருப்ப கறியாவாச்சும் சாப்பிடலாம்.

2022 கதைக்கு அப்புறம் வர்றேன், மின்சாரம் போகப்போற மாதிரி இருக்கு.

குவைத்துல_மஸ்கெலியா
எல்லாருக்கும் வணக்கம். எங்க காசு கணக்குல வருதுன்னு சொன்னதுனால எழுதுறேன். நான் 21 கடைசியில பேங்க்ல அனுப்பவே இல்ல. ஏன்னு கேட்டா, பேங்க்ல டொலருக்கு 200 சொச்சம்தான், ஏதோ ஊக்கத்தொகைனு கொஞ்சம் கூட்டிக் குடுத்தாங்க அவ்வளவுதான். பேங்க் இல்லாம தனி ஆளுங்க வழியா அனுப்புற உண்டியல்ல 240க்கு மேல. நூறு தினார் அனுப்புனா அது 330 டொலர் வரும், பேங்க்ல போட்டா வீட்டுக்கு 66,000 ரூவா, உண்டியல்ல போட்டா 79,000. பதிமூவாயிரம் ரூவா வித்தியாசம். எங்க அம்மாவுக்கும் புள்ளைங்களுக்கும் அது ஒரு பெரிய காசு, மா விலையும் பால்மா விலையும் எகிறுன நேரம். நாங்க தேசத்துரோகினு அப்ப டீவில பேசுனாங்க. இங்க வந்து ஒரு வீட்டுல விடிய நாலு மணிக்கு எந்திரிச்சு பார்க்கட்டும்.

ஆனா எனக்கு ஒண்ணு வெளங்கல. உண்டியல்ல அனுப்புனாலும் வீட்டுக்கு காசு வந்துச்சே, அது நாட்டுக்கு வந்த காசு இல்லையா?

பதுளை_ராசா
சரியான கேள்வி அக்கா. காசு வந்தா வந்ததுதானே, எந்த வழியா வந்தா என்ன.

எல்சி_பண்டாரவளை
இந்தக் கேள்வியிலதான் 22ஓட முழுக் கதையும் இருக்கு. அக்கா, உங்க வீட்டுக்கு வந்தது ரூபா. அந்த ரூபா ஏற்கனவே நாட்டுக்குள்ளதான் இருந்துச்சு. நீங்க குவைத்துல குடுத்த தினார் அங்கயே நின்னுருச்சு.

நடந்தது இதுதான். உண்டியல்காரன் குவைத்துல உங்க நூறு தினார வாங்கிக்கிறான். கொழும்புல ஒரு வியாபாரிக்கு டுபாய்ல சாமான் வாங்க டொலர் வேணும், பேங்க்ல கேட்டா இல்லைங்கிறாங்க. அவன் இங்க உண்டியல்காரனோட ஆளுக்கு ரூபாய குடுக்குறான், அந்த ரூபா மஸ்கெலியாவுக்கு வருது. அங்க உங்க தினார் அந்த வியாபாரியோட கணக்க தீர்க்குது. ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சுது. ஆனா அந்த 330 டொலர் இலங்கை பேங்க்ல எதுக்குள்ளயும் எட்டிக்கூட பாக்கல. டீசல் கப்பலுக்கு காசு கட்ட வேண்டிய பேங்க்ல டொலர் இல்ல, கைபேசியோ தங்கமோ கொண்டாறவன் கையில டொலர் இருக்கு. உங்கள குத்தம் சொல்லல, 240க்கு போற பொருள 200க்கு தானு கேட்டா எவனும் தர மாட்டான். விலைய பிடிச்சு வச்சது நீங்க இல்ல.

2020ல பேங்க் வழியா வந்தது சுமார் 710 கோடி, 21ல சுமார் 550, 22ல சுமார் 380. கொவிட்டும் ஈஸ்டர் குண்டும் சேர்ந்து சுற்றுலாவ படுக்க வச்சிருச்சு, 2018ல சுமார் 440 கோடி வந்த இடத்துல 21ல 50 கோடி சொச்சம். பழைய கடன் மட்டும் தேதி தவறாம வந்து நின்னுச்சு. 2022 ஜனவரியில கூட 50 கோடி டொலர் கடன் பத்திரம் ஒண்ண கட்டி முடிச்சாங்க, கையில டொலர் வத்திக்கிட்டு இருக்கும்போதே. ஏப்ரல் 12ம் தேதி இனி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாதுன்னு அறிவிச்சாச்சு.

எங்க மேசையில அது எப்படித் தெரிஞ்சுதுன்னா, மொதல்ல எல்சி திறக்க வர்ற யாவாரிங்கள நாளைக்கு வாங்க அடுத்த கிழமை வாங்கனு அனுப்பிக்கிட்டு இருந்தோம். அப்புறம் நாங்க திறந்த எல்சிய வெளிநாட்டு பேங்க் ஏத்துக்கல, வேற ஒரு பெரிய பேங்க் பொறுப்பு நிக்கணும்னாங்க, நிக்க ஆள் கிடைக்கல. கொஞ்ச நாள்ல எல்சியே வேணாம், முழுக் காசையும் முன்னுக்கு அனுப்புனாத்தான் சாமான் எறக்குவோம்னு கப்பல் வெளிய நங்கூரம் போட்டு நின்னுச்சு. ஹார்பர்ல சாமான் கண்டெய்னர் முடங்கிக் கெடந்துச்சு. அதாவது வாங்க முடியாமதான் வாங்கல. வாங்காததால இறக்குமதி கொறைஞ்சு பற்றாக்குறை 21ல இருந்த 810 கோடில இருந்து 22ல 520க்கு எறங்குச்சு. பேப்பர்ல பார்த்தா முன்னேற்றம். உங்க பெற்றோல் லைன்தான் அந்த முன்னேற்றம்.

தலவாக்கலை_ஓட்டோ
இப்ப பிடிபடுது. அப்ப பாக்க வேண்டியது துண்டு எவ்ளோன்னு இல்ல, அத எத வச்சு அடைக்கிறாங்கன்னு. ஸ்டாண்டுல இத சொன்னா அண்ணே அடிக்க வருவாரு.

கந்தப்பளை_கிழங்கு
அப்ப பற்றாக்குறை நல்லதுங்கிறீங்களா? நாங்க நட்டப்பட்டுக்கிட்டே இருக்கணுமா? எல்சி அண்ணே பேங்க்ல உக்காந்து பார்த்தவரு, நான் வயல்ல நின்னு பாக்குறவன். இறக்குமதிக்கு தடை போட்டா டொலரும் மிச்சம் நானும் பொழைப்பேன். இதுல என்ன பிழை.

பெக்டரி_ஒபிசர்
பொதுவா எழுதுறதில்ல, தடைனு வந்ததால எழுதுறேன். 2021 மே மாசம் ரசாயன உரத்துக்கு தடை போட்டாங்க. சொன்ன காரணத்துல டொலர் மிச்சமும் ஒண்ணு, கணக்குல பாத்தா இறக்குமதி கொறையும் பற்றாக்குறை கொறையும். நவம்பர்ல தடைய எடுத்துட்டாங்க, ஆனா தேயிலைச் செடி உடனே சொல்லாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொல்லும். எங்க மலையில மொதல்ல எலை வெளுத்துச்சு, அப்புறம் வளராம நின்னுபோன கொழுந்து கூடுச்சு, கொழுந்து எடுக்குற பொம்பளைங்க காலையில போய் மத்தியானம் வர பறிச்சும் நெறை தேறல. நெறை தேறலைனா அன்னைய நாள் சம்பளத்துல வெட்டு. 21ல நாடு முழுக்க சுமார் 30 கோடி கிலோ தேயிலை, 22ல சுமார் 25 கோடி. டீசலும் இல்லாததால கொழுந்து லொறி ஓடாம வாடிப்போன கொழுந்தும் இருந்துச்சு, எல்லாம் உரத்தாலனு சொல்ல மாட்டேன். ஆனா இறக்குமதிய வெட்டுனா ஏற்றுமதியும் சேர்ந்து வெட்டுப்படுறத நான் பெக்டரி தராசுல பார்த்தேன்.

கந்தப்பளை_கிழங்கு
உரம் வேற கிழங்கு வேற ஒபிசர். உரத்த தடை பண்ணாதீங்கன்னு நானும் ரோட்டுல எறங்குனவன்தான். கிழங்குலதானே தடை கேக்குறேன்.

எல்சி_பண்டாரவளை
கிழங்கு அண்ணே சொல்றதுல ஒரு பாதி ஞாயம் இருக்கு, அத மறைக்கக் கூடாது. நாட்டு மொத்தத்துக்கு நட்டம் இல்லைங்கிறது ஒவ்வொருத்தனுக்கும் நட்டம் இல்லைங்கிறது ஆகாது. அறுவடை நேரம் கிழங்கு எறங்குனா உங்களுக்கு அடி, ஹட்டன் கடையில வாங்குறவனுக்கு விலை கொறைவு. அதுக்கு வரி எப்ப போடுறது எவ்ளோ போடுறதுனு சண்டை போடலாம், போடணும். ஆனா அது உங்களுக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல உள்ள வழக்கு. நாட்டோட டொலர் கணக்குல கிழங்கு சின்னது, டீசலும் துணியும்தான் பெருசு.

கட்டுநாயக்க_தைக்கிறவ
துணின்னதும் ஞாபகம் வந்துச்சு. நான் நானுஓயா, இப்ப கட்டுநாயக்கவுல கார்மெண்ட்ஸ்ல ஸ்டோர்ஸ்ல இருக்கேன். எங்களுக்கு துணி வெளிய இருந்துதான் பெரும்பாலும் வருது, ஜிப்பும் நூலும் கூட. ஒரு பேச்சுக்கு ஆறு டொலர் துணி எறக்கி பத்து டொலருக்கு அனுப்புறோம்னு வைங்க, இறக்குமதில ஆறு ஏறும், ஏற்றுமதில பத்து ஏறும். துணி கண்டெய்னர் இந்த மாசம் வரும், சட்டை ரெண்டு மாசம் கழிச்சு போகும். ஓடர் நெறைய வந்தா மொதல்ல இறக்குமதிதான் ஏறும், நியூஸ்ல பற்றாக்குறை கூடிருச்சும்பாங்க. எங்களுக்கு ஓவர் டைம் கிடைக்கிற மாசம் அதுதான்.

வெலிமடை_சிறுசு
அண்ணே அப்ப அமெரிக்கா நமக்கு 44 சதவீத வரினு 2025 ஏப்ரல்ல போட்டுச்சே அதுவும் இந்தப் பற்றாக்குறை கதைதானே? நாம அவங்கள ஏமாத்துறோம்னு சொன்னாங்க.

எல்சி_பண்டாரவளை
அதேதான். அமெரிக்கா நம்மகிட்ட 2024ல வாங்குன சாமான் சுமார் 300 கோடி டொலர், நமக்கு வித்தது கிட்டத்தட்ட 37 கோடி. துண்டு 260 கோடி. 260ஐ 300ஆல வகுத்து பாதியாக்குனா 44 கிட்ட வரும், கணக்கே அவ்வளவுதான். நாம அவங்க சாமானுக்கு என்ன வரி போடுறோம்னு அதுல பார்க்கவே இல்ல. அப்புறம் பேசி ஆகஸ்ட்ல 20ஆ கொறைச்சாங்க. ரெண்டு நாட்டுக்கு நடுவுல மட்டும் பார்த்தா எப்பவும் இப்படி ஏறுக்கு மாறாத்தான் வரும். நாம எண்ணெய் ஒரு பக்கம் வாங்குறோம், சட்டைய வேற பக்கம் விக்கிறோம். அவங்க 260 கோடிய இழக்கல, சட்டைய வாங்கிப் போட்டுக்கிட்டாங்க.

பெக்டரி_ஒபிசர்
கஸ்டம்ஸ்ல பதியாம டொலர் வர்றத எல்சி அண்ணே முதல்ல சொன்னாரு, அதுக்கு நேர் எதிரா ஏற்றுமதினு பதிஞ்சும் டொலர் வராததும் இருக்கு. ஈரானுக்கு பழைய எண்ணெய்க் கடன் சுமார் 25 கோடி டொலர் இருந்துச்சு, அத தேயிலையா கழிக்கிறதுனு 2021 கடைசியில ஒப்பந்தம் போட்டாங்க. தேயிலை கப்பல் ஏறுது, ஏற்றுமதியாளருக்கு இங்கயே ரூபா குடுக்குறாங்க. அந்தத் தேயிலைக்கு ஒரு டொலரும் வராது, கடன் கழியும்.

குவைத்துல_மஸ்கெலியா
எல்லாம் சரிங்க, ஆனா எனக்கு ஒண்ணு ஆறல. நாட்டோட துண்டு விழுறத எங்க காசுதான் அடைக்குதுன்னு நீங்க சொல்லி முடிச்சிட்டீங்க, கேக்க பெருமையாத்தான் இருக்கு. என் சின்னவ எனக்கு போன்ல முகம் காட்ட மாட்டேங்கிறா. அந்தக் கணக்கு எந்த பேங்க்ல இருக்கு? தேயிலைக்கு நல்ல விலையும் தோட்டத்துல ஒழுங்கான சம்பளமும் இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்.

பதுளை_ராசா
அக்கா கேக்குறதுதான் கேள்வி. மத்ததெல்லாம் எண்ணு.

எல்சி_பண்டாரவளை
அதுக்கு என்கிட்ட பதில் இல்ல அக்கா. உங்க காசு கணக்க நேராக்குதுங்கிறது வேற, அத நம்பியே நாடு நிக்கலாமாங்கிறது வேற. ரெண்டாவதுல நான் உங்க பக்கம்.

ஓட்டோ தம்பிக்கு ஒரு எச்சரிக்கையோட வைக்கிறேன். 2024 மிச்சத்தப் பார்த்து எல்லாம் சரியாச்சுன்னு ஸ்டாண்டுல பந்தயம் கட்டிராதீங்க. 22ல நிறுத்துன கடன்ல பெரும்பகுதியோட முதல் இன்னும் முழு வேகத்துல திரும்பக் கட்ட ஆரம்பிக்கல, 2028ல இருந்துதான் அது கனக்கும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சுல பூட்டுனத 2025 பெப்ரவரியில திறந்தாச்சு, அதுக்கும் டொலர் போகுது. மத்திய வங்கி மாசா மாசம் வெளிநாட்டுத்துறைச் செயலாற்றம்னு ஒரு அறிக்கை தமிழ்லயே போடுது. தலைப்புல பற்றாக்குறை கூடிருச்சுனு இருந்தா பயப்படாம கீழ போங்க. தொழிலாளர் பணவனுப்பல் ஏறுதா எறங்குதா, சுற்றுலா எப்படி, நாட்டோட டொலர் கையிருப்பு எவ்ளோ, அந்த மூணையும் பாருங்க. பேங்க் விலைக்கும் வெளிய குடுக்குற விலைக்கும் இடையில பத்து இருவது ரூபா வித்தியாசம் விழ ஆரம்பிச்சா, அத நான் பற்றாக்குறைய விட சீரியஸா எடுப்பேன்.

தலவாக்கலை_ஓட்டோ
அண்ணே கடைசியா ஒண்ணு. புது த்ரீவீலுக்கு காசு சேர்த்துக்கிட்டு இருக்கேன். நான் வாங்குனா நானும் பற்றாக்குறைதானா?

எல்சி_பண்டாரவளை
ஆமா, நீங்களும்தான். லீசிங் வட்டிய நல்லா விசாரிச்சிட்டு வாங்குங்க.

கந்தப்பளை_கிழங்கு
வாங்குனதும் கந்தப்பளை பக்கம் வாங்க தம்பி, கிழங்கு ரெண்டு மூட்டை ஏத்தணும். கூலி ரூபாயிலதான் தருவேன்.